“எவ்வளவு போகும்?” என்று கேளுங்கள்

யாழ்ப்பாணத்தில் பிறசருக்கு மருந்தெடுக்க வரும் மேசன் அண்ணையிடம் “குடிக்கிறனீங்களோ?” என்று கேட்டால், “இல்லை டொக்டர்” என்பார். கதை அதோடு முடிந்துவிடும். “குடிவகை பிறசரைக் கூட்டும். அதைப் பற்றி ரெண்டு நிமிசம் கதைக்கலாமோ?” என்று அனுமதி கேட்டுப் பாருங்கள். அப்புறம், “வேலை முடிஞ்சு வந்தால் எவ்வளவு போகும்?”

“கால் போத்தல்” என்கிறார். 180 மில்லிலீற்றர், 33 சதவீதச் சாராயம் என்றால் ஏறக்குறைய 47 கிராம் மதுசாரம். 10 கிராம் ஓர் அலகு என்றால், கிட்டத்தட்ட ஐந்து அலகு. அவருக்குக் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் போத்தல் படத்தைக் காட்டி இதைச் சொல்லுங்கள். “குடிகாரர்” என்ற சொல் அதில் வேண்டாம்.

“எதை மாத்தலாம் எண்டு நினைக்கிறியள்?” என்று கேட்டு, “செவ்வாய், வியாழன் குடிக்கமாட்டன்” என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுங்கள். இரண்டு கிழமையில் பிறசர் பார்க்கும்போது அந்த இரண்டு நாளைப் பற்றி மட்டும் கேளுங்கள். தவறியிருந்தால், “எந்த நாள் கஷ்டமாயிருந்தது?”

ஒன்று கவனம்: காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் அடங்குகிறது என்றால் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரலாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.