விரலுக்குச் சூடு, கிருமிக்குச் சுகம்: விருந்து உணவைச் சூடாக வைத்திருப்பதில் நேரும் தவறுகள்

நாற்பது பேர் சாப்பிடவிருந்த ஒரு மதிய விருந்துக்கு நான் சமைத்த இறைச்சிக் குழம்பின் கதையிலிருந்து தொடங்குகிறேன். பதினைந்து லிட்டர் குழம்பு. கனமான பாத்திரம், நன்றாகப் பொருந்தும் மூடி. காலை 10 மணிக்குக் கொதிக்கக் கொதிக்க அடுப்பிலிருந்து இறக்கினேன். விருந்து 1 மணிக்கு. பெரிய பாத்திரம் சூட்டை விடாது என்று நம்பினேன், அந்த நம்பிக்கை ஓரளவு சரிதான். 1 மணிக்கு வெப்பமானியைச் செருகிப் பார்த்தபோது நடுவில் 62 டிகிரி செல்சியஸ் இருந்தது. பிறகு அதில் ஒரு பகுதியை மேசையில் இருந்த அகலமான பரிமாறும் தட்டுக்கு மாற்றினோம். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் 51. இன்னும் அரை மணி நேரத்தில் 45. தட்டுக்குக் கீழே தீ எரிந்துகொண்டுதான் இருந்தது. எடுத்துச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் "நல்ல சூடாக இருக்கிறது" என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. 45 டிகிரி நாக்குக்கு இதமான சூடு. 50 டிகிரிக் குழம்பில் விரலை வைத்தால் இழுத்துக்கொள்வோம். விரல் "சூடு" என்று சொல்லும் இந்த இடம்தான் உணவில் வளரும் ஒரு முக்கியமான கிருமிக்கு மிகவும் பிடித்த இடம் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். மற்ற பல தவறுகளும் விரலையும் ஆவியையும் நம்புவதிலிருந்தே தொடங்குகின்றன. குழம்பின் மேல் ஆவி பறந்தால் போதுமான சூடு என்று நினைப்பதும் அப்படித்தான். குளிரூட்டிய அறையில் 45 டிகிரிக் குழம்பிலிருந்தும் ஆவி தெரியும்.

அந்தக் கிருமியின் பெயர் குளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். இறைச்சியிலும் குழம்பிலும், அதுவும் பெரிய அளவில் சமைக்கும்போது, தலைகாட்டும் பாக்டீரியா இது. நன்றாகக் கொதிக்கவைத்தால் செத்துப்போகாதா என்று கேட்கலாம். வளரும் நிலையில் உள்ள கிருமி செத்துப்போகும். அது விட்டுச்செல்லும் வித்துகள் சாகா. கொதிநிலையையும் தாங்கிக்கொண்டு அவை காத்திருக்கின்றன. குழம்பு ஆறி 50 டிகிரியை நெருங்கும்போது விழித்துக்கொள்கின்றன. கொதித்ததில் குழம்பிலிருந்த ஆக்சிஜனும் வெளியேறியிருக்கும். ஆக்சிஜன் இல்லாத இடமே இதற்கு வசதி. 43 முதல் 47 டிகிரி வரை இது மிக வேகமாகப் பெருகும். ஏற்ற சூழலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்த வேகத்தில் ஒரு கிருமி இரண்டு மணி நேரத்தில் நான்காயிரத்தைத் தாண்டிவிடும். சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்று வலியும் பேதியும் தொடங்கும். வாசனையிலோ ருசியிலோ எந்த மாற்றமும் இருக்காது. ஆகவே முகர்ந்து பார்த்து முடிவெடுப்பதும் தவறுகளின் பட்டியலில் சேரும்.

பிடித்துக்கொள்ள வேண்டிய எண் 60. அமெரிக்க விதி 57 டிகிரி என்கிறது, ஆஸ்திரேலியா 60 என்கிறது, பிரிட்டன் 63 என்கிறது. வீட்டு விருந்துக்கு 60ஐக் கீழ்க்கோடாகவும், 65ஐ நாம் குறிவைக்கும் அளவாகவும் வைத்துக்கொண்டால் மூடி திறந்து மூடும்போது இழக்கும் சூட்டுக்கும் இடம் கிடைக்கும். அளக்க வேண்டியது நடுவில். கிளறிய பிறகு, பாத்திரத்தின் அடியைத் தொடாமல். துப்பாக்கி போல நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பை மட்டுமே அளக்கும் என்பதால் இங்கே முனையைச் செருகும் வகைதான் உதவும். வாங்கியதும் பனிக்கட்டி நிறைந்த நீரில் வைத்துப் பாருங்கள். 0 காட்டினால் நம்பலாம்.

இனி அந்தப் பரிமாறும் தட்டுக்கு வருகிறேன். சேஃபிங் டிஷ் என்று வாடகைக்குக் கிடைக்கும் அந்தச் சாதனத்தில் கீழே தண்ணீர்த் தொட்டி, அதன் அடியில் ஜெல் எரிபொருள் டப்பா, மேலே உணவுத் தட்டு. பலரும் செய்வதையே நானும் செய்திருந்தேன்: குழாய்த் தண்ணீரை ஊற்றி, தட்டை வைத்து, உணவைக் கொட்டி, அதன் பிறகு தீயைப் பற்றவைத்தேன். அந்தச் சிறிய தீக்கு நான்கைந்து லிட்டர் குளிர்ந்த நீரைச் சூடாக்கவே ஒரு மணி நேரம் போல ஆகிவிடும். அதுவரை தண்ணீர் உணவின் சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கும். தீ எரிவதைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம். அகலமான, ஆழமில்லாத தட்டும், திறந்தே கிடக்கும் மூடியும் மீதி வேலையைச் செய்துவிடும்.

சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. கொதிக்கும் நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டும்; தட்டின் அடிப்பகுதியைத் தண்ணீரோ அதன் ஆவியோ தொட வேண்டும். தீயை ஏற்றிக் கால் மணி நேரமாவது விட வேண்டும். காலித் தட்டும் அந்த நேரத்தில் சூடேறிவிடும். அதன் பிறகு 75 டிகிரிக்கு மேல் இருக்கும் உணவை ஊற்ற வேண்டும். அன்று எனக்குக் குழம்பு 62இல் இருந்ததால், தட்டுக்கு மாற்றும் முன் அடுப்பில் மறுபடி ஏற்றிக் கொதிக்கவிட்டிருக்க வேண்டும். கடைசியில் அதைத்தான் செய்தேன். 45இல் இருந்த குழம்பை மேசையிலிருந்து எடுத்து, 60க்குக் கீழே இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்பது குறித்துவைத்த நேரத்திலிருந்து தெரிந்ததால், கொதிக்கவைத்துத் திருப்பினேன். இம்முறை தொட்டியில் வெந்நீர், தட்டில் பாதி அளவு மட்டுமே. ஒரு மணி நேரம் கழித்தும் 66இல் நின்றது.

இந்தச் சாதனங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு: சூட்டைக் காக்கும், ஏற்றாது. ஸ்லோ குக்கரின் 'சூடாக வைத்திரு' நிலை ஏற்கெனவே கொதித்த உணவுக்கு நல்லது; குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவை அதில் போட்டால் அபாயமான வெப்பத்தில் மணிக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். முதலில் அடுப்பில் கொதிக்கவைத்து, பிறகு அதற்கு மாற்றுங்கள். மின்சார ஓவனை 95 டிகிரியில் வைத்து, மூடிய பாத்திரத்தில் உணவை உள்ளே வைப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. வறளாமல் இருக்க அலுமினியத் தாளால் இறுக மூடினால் போதும். வெப்பம் கடத்தாத ஹாட் பாக்ஸ் எந்தச் சூட்டையும் உண்டாக்காது. அதைக் கொதிநீரால் நிரப்பிப் பத்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, உணவை விளிம்பு வரை நிரப்பினால் பல மணி நேரம் தாங்கும். பாதி நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்றும் சுவரும் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும்.

எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு, 60க்கு மேல் இருக்கும்வரை பாதுகாப்பைப் பொறுத்தவரை கடிகாரம் ஓடுவதில்லை. ருசியும் பதமும்தான் கெடும்: குழம்பு சுண்டும், காய்கள் குழையும், மாமிசம் நாராகும். அதற்காகவே மொத்தத்தையும் மேசையில் வைக்காமல் ஒரு பங்கை அடுப்பிலோ ஓவனிலோ வைத்திருந்து, தட்டு காலியானதும் தட்டையே மாற்றுவது நல்லது. எஞ்சிய பழைய உணவின் மேல் புதியதை ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் அடியில் கிடப்பதற்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

60க்குக் கீழே இறங்கியதும் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மறுபடி கொதிக்கவைக்கலாம், சாப்பிடலாம், குளிர்பெட்டியில் வைக்கலாம். இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகியிருந்தால் அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும், எடுத்துவைக்கக் கூடாது. நான்கைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். வெளி வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில், திறந்த வெளி விருந்தில், ஒரு மணி நேரத்தையே எல்லையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க வேளாண் துறை. இந்த நேரம் கூட்டிக்கொண்டே போவது: காலையில் நாற்பது நிமிடம், மேசையில் ஐம்பது நிமிடம் என்றால் மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

"கொதிக்கவைத்தால் கணக்கு அழிந்துவிடும்" என்பது நான் அதிகம் கேட்கும் வாதம். குழம்புக் கிருமியைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை உண்டு. சோற்றைப் பொறுத்தவரை அது முழுப் பொய். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளும் வேகவைப்பதில் சாவதில்லை. அறை வெப்பத்தில் கிடக்கும் சோற்றில் அது பெருகும்போது வாந்தியை உண்டாக்கும் நஞ்சை விட்டுவிடுகிறது. அந்த நஞ்சு கொதிநீரிலும் சிதையாது. எத்தனை முறை சூடாக்கினாலும் கிருமி போகும், நஞ்சு இருக்கும். சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். சோற்றை ரைஸ் குக்கரின் சூடு காக்கும் நிலையிலோ, நிரம்பிய ஹாட் பாக்ஸிலோ 60க்கு மேலே வைத்திருங்கள். குக்கரை அணைத்துவிட்டு மூடியே வைத்திருப்பது மோசமான வழி. மெதுவாக ஆறும் பெரிய சோற்றுக் குவியலின் நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

விருந்து முடிந்ததும் அதே பெரிய பாத்திரத்தை அப்படியே குளிர்பெட்டியில் தள்ளுவதும் இதே தவறின் மறுபக்கம். அதன் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாக இருக்கும். இரண்டு மணி நேரத்தில் 21 டிகிரிக்கும், அதிலிருந்து நான்கு மணி நேரத்தில் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றி, அடியில் பனிக்கட்டி நீர் வைத்துக் கிளறினால் குழம்பு அந்த நேரத்துக்குள் இறங்கிவிடும். சோற்றைத் தட்டில் பரப்பினாலே போதும். மறுநாள் சாப்பிடும்போது நடுப்பகுதி 75 டிகிரிக்கு வரும்வரை சூடாக்க வேண்டும். அன்று எனக்கு மிஞ்சிய ஆறு லிட்டர் குழம்பை மூன்று தட்டுகளில் பிரித்தேன். மேசையில் கடைசிவரை நின்ற தட்டில் இருந்ததை அவற்றில் சேர்க்கவில்லை.