மாத்திரை அட்டையின் பின்பக்கம்: மும்பைக்குப் போகும் பெரியவர்களுக்காக

சென்ற ஜூலையில் அப்பாவை மாதுங்காவில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நான் டொராண்டோ திரும்பினேன். மூன்று வாரத்தில் அவருடைய இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோயிற்று. அங்குள்ள மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் இருந்தது டெல்மிசார்டான் 40 மி.கி. தம்பி கடையில் வாங்கி, அட்டையைப் படமெடுத்து அனுப்பினான். "அண்ணா, இதுதானே?" என்று கேட்டான்.

படத்தில் நிறுவனம் வைத்த பெயரும் 40 என்ற எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளையாகப் பூத்திருந்தது. பின்பக்கத்தையும் கேட்டேன். அங்கே டெல்மிசார்டான் 40 மி.கி. என்ற வரிக்குக் கீழே, ஹைட்ரோகுளோரோதையசைடு 12.5 மி.கி. என்று இன்னொரு வரி. வெளிச்சம் விழுங்கியது ஹெச் என்ற ஓரெழுத்தை. இரண்டாவது வரியில் இருந்தது சிறுநீரைப் பெருக்கும் மருந்து. வயதானவர்களுக்கு உடம்பில் சோடியம் குறைந்து தலைசுற்றல் வரலாம். அப்பாவுக்கு யாரும் அதை எழுதித்தரவில்லை. கடைக்காரர் அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டார்.

இந்தியாவில் ஒரே மருந்து பல பெயர்களில் வருகிறது. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் எழுத்துகள் பெரும்பாலும் கூட்டு மருந்தைச் சொல்கின்றன. ஏஎம் என்றால் பொதுவாக இன்னொரு இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின். எம் என்பது சர்க்கரை மருந்தில் மெட்ஃபார்மின், ஒவ்வாமை மருந்தில் மான்டெலூகாஸ்ட். ஆகவே எழுத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். 'ஒவ்வொரு மாத்திரையிலும் உள்ளது' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் பொடி எழுத்து வரிகளை எண்ணுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டு வரும் மருந்தில் ஒரு பெயர் இருந்தால் இங்கேயும் ஒன்றுதான் இருக்க வேண்டும். பெயரை அடுத்து வரும் ஐ.பி. என்பது இந்திய மருந்தியல் தரத்தைக் குறிப்பது. அது வேறு மருந்தல்ல.

அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. இரத்த அழுத்த மருந்தான மெட்டோப்ரோலாலின் அட்டையில் சக்சினேட் என்ற உப்பு வடிவம் 47.5 மி.கி., அது டார்ட்ரேட் என்ற உப்பு வடிவம் 50 மி.கி.க்குச் சமம் என்று எழுதியிருக்கும். இரண்டு எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், 50 என்று விற்பது அதைத்தான். ஆனால் மெதுவாகக் கரையும் வகையா, சாதாரண வகையா என்பதைப் பார்க்காமல் விடக்கூடாது. ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை அதே முறையில் விழுங்க முடியாது.

காலாவதித் தேதி வட அமெரிக்காவில் இருப்பவர்களை எளிதில் ஏமாற்றும். அப்பாவின் அட்டையில் 06/26 என்று இருந்தது. என் கண்ணுக்கு முதலில் அது ஜூன் 26-ஆம் நாள்! மாதமும் ஆண்டும்தான் அது: 2026 ஜூன். அந்த மாதத்தின் கடைசி நாள் வரை உபயோகிக்கலாம் என்பது பொருள். மேல்வரியில் 07/24 என்று தயாரித்த மாதமும் இருந்ததால் தெளிவாயிற்று. இரண்டில் ஒன்று மட்டும் படத்தில் விழுந்தால் எது எது என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

இந்தத் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும், சில சமயம் நிறமின்றி அழுத்திப் பதித்திருப்பார்கள். ஐந்து மாத்திரை போதும் என்றால் கடையில் கத்தரித்துத் தருவார்கள். தேதி உள்ள முனை கடையிலேயே தங்கிவிடும். முழு அட்டையாக வாங்குவதே நல்லது. இல்லையென்றால் பில்லில் பேட்ச் எண்ணும் காலாவதியும் இருக்கின்றனவா என்று பார்த்து அதையும் படமெடுக்கச் சொல்லுங்கள்.

படமெடுக்க ஃபிளாஷை அணைத்து, சன்னலோரம் அட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் பதித்த எண்களும் நிழல் விழுந்து தெரியும். இரண்டு பக்கமும் முழுதாக வேண்டும், விரல் மறைக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தெளிவு குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். 3-ஆ 8-ஆ என்று ஐயம் வந்தால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிராமல், போனில் அழைத்து அட்டையைப் படிக்கச் சொல்வேன்.

கடைசியாக, சேமிப்பு வரி. '30 டிகிரிக்கு மேல் போகாமல், ஈரமும் ஒளியும் படாமல்' என்று இருந்தால் மும்பை மழைக்காலத்தில் பெரிய சோதனை ஈரம்தான். டெல்மிசார்டான் ஈரத்தை உறிஞ்சும் மருந்து. விழுங்கும் நேரம் வரை அட்டையிலிருந்து எடுக்கக்கூடாது. அப்பாவோ ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியில் வாரம் முழுவதற்கும் பிரித்துப்போடும் பழக்கமுள்ளவர். சமையலறை அலமாரியில் அந்தப் பெட்டி. இரண்டாவது வாரம் தம்பி அனுப்பிய படத்தில் மாத்திரையின் ஓரம் உப்பி, மேல்பக்கம் பொரிந்திருந்தது. அவற்றை எறிந்துவிட்டு, அட்டைகளை அப்படியே படுக்கையறை பீரோவில் வைக்கச் சொன்னேன். பெட்டியில் இப்போது ஒவ்வொரு நாளுக்கும் வெறும் துண்டுச்சீட்டு இருக்கிறது. மாத்திரை விழுங்கியதும் அப்பா அதை எடுத்துப் போட்டுவிடுகிறார்.