குழு அரட்டையிலிருந்து மூன்று நிறச் சுருக்கம்: என் அனுபவம்

எங்கள் சம்பளக் கணக்கு மென்பொருள் மாற்றத் திட்டத்தின் நிலவரம் முழுவதும் குழு அரட்டையில்தான் இருந்தது. "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது", "வங்கியிலிருந்து பதில் இல்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்பன போன்ற வரிகள். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையிலோ ஒவ்வொன்றின் நிலையையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற நிறத்தால் காட்ட வேண்டும். அரட்டையின் தொனியை நம்பி நிறம் கொடுத்தால் எல்லாம் பச்சையாகவே வரும். தர்பூசணி போல உள்ளே சிவந்திருக்கும்.

நிறத்தை இரண்டு கேள்விகளிலிருந்து எடுக்கத் தொடங்கிய பிறகே இது சரியானது. ஒப்புக்கொண்ட தேதி நிற்குமா? ஆபத்தென்றால், குழுவே கையிலிருக்கும் ஆட்களைக் கொண்டு மீட்குமா? தேதி நின்றால் பச்சை. குழுவிடம் மீட்கும் வழி இருந்தால் மஞ்சள். மேலிடத்தின் முடிவோ பணமோ இல்லாமல் மீளாதென்றால் சிவப்பு.

வங்கி வரியையே பாருங்கள். எழுதியவரை அழைத்துக் கேட்டேன். சோதனைக் கோப்புக்கு வங்கி ஒப்புதல் தராமல் ஜூன் 30 சம்பளத்தைப் புதிய மென்பொருளில் போட முடியாது. சரிபார்க்க வங்கிக்கு 10 வேலை நாள் வேண்டும். நினைவூட்டல்களுக்கோ பதிலே இல்லை. அறிக்கையில் இப்படி எழுதினேன்:

"சிவப்பு: ஜூன் சம்பளம் புதிய மென்பொருளில் வராமல் போகலாம். காரணம்: வங்கி ஒப்புதல் நிலுவை. தேவை: நிதி இயக்குநர் ஜூன் 12க்குள் வங்கி மேலாளரிடம் பேச வேண்டும். இல்லையேல் இம்மாதமும் பழைய மென்பொருளே."

விளைவு முதலில், காரணம் ஒரே வரியில், பிறகு யார் எதை எப்போதைக்குள் செய்ய வேண்டும் என்பது. அரட்டையில் இருந்த குறைகூறல் எதுவும் மேலே போகவில்லை. அதை அனுப்புவது நியாயமும் அல்ல. அனுப்புமுன் அறிக்கையில் எழுதியதை, அரட்டையில் வங்கி வரியை எழுதியவரிடமே காட்டி ஒப்புதல் வாங்கினேன்.

மஞ்சளுக்கு மீட்புத் தேதி கட்டாயம். அதுவும் தவறினால் அடுத்த அறிக்கையில் சிவப்பு.