கிச்சன் தராசு தப்பாகக் காட்டினால் உடனே கேலிபிரேட் செய்யாதீர்கள்

ஆன் செய்ததும் 0 காட்டுகிறது, அதனால் தராசு நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்பதுதான் டிஜிட்டல் தராசு வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு. ஆன் ஆகும் நேரத்தில் தட்டில் எவ்வளவு பாரம் தெரிகிறதோ அதையே பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும்படிதான் பெரும்பாலான வீட்டுத் தராசுகளைச் செய்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் உலோகத் துண்டு ஒரு பக்கம் லேசாக வளைந்து போயிருந்தாலும் அது 0 என்றுதான் காட்டும். டேர் பட்டனும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஆகவே டேரைத் தட்டித் தட்டி எடையைச் சரிசெய்ய முடியாது.

அந்த உலோகத் துண்டின் பெயர்தான் லோட் செல். பெரும்பாலும் விரல் நீளத்தில் ஓர் அலுமினியக் கட்டை, நடுவில் ஓட்டை போட்டிருக்கும். ஒரு முனை தராசின் அடிப்பாகத்தோடும் மறுமுனை மேல்தட்டோடும் திருகப்பட்டிருக்கும். எடை வைத்ததும் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும், மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிப் பட்டைகள் அதோடு சேர்ந்து நீளும் அல்லது சுருங்கும், அவற்றின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தைத்தான் சிப் கிராமாக மாற்றிக் காட்டுகிறது. அதாவது மேல்தட்டு எதன் மேலும் படாமல், அந்தக் கட்டையின் மேல் மட்டும் நிற்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கோளாறில் பாதி இங்கேதான் இருக்கிறது.

தராசு உண்மையிலேயே தப்பா என்று பார்க்க முப்பது 10 ரூபாய் நாணயங்கள் போதும். 2011 வரிசை நாணயம் 7.71 கிராம், 2019 வரிசை 7.74 கிராம். கலந்து வைத்தாலும் பத்து நாணயம் 77 கிராம் வர வேண்டும், இருபது 154 அல்லது 155, முப்பது 231 அல்லது 232. ஒரே எண்ணிக்கையில் நிறுத்தாமல் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் எவ்வளவு தப்பு என்பதைவிட அந்தத் தப்பு எப்படி வளர்கிறது என்பதுதான் முக்கியம்.

அக்கா வீட்டுத் தராசில் பார்த்தபோது 74, 148, 222 என்று வந்தது. வித்தியாசம் 3, 6, 9 கிராம் என்று எடையோடு சேர்ந்து ஏறுகிறது, கிட்டத்தட்ட நூற்றுக்கு நான்கு குறைவு. இதைப் பார்த்ததும் யாருக்கும் கேலிபிரேட் செய்யத்தான், அதாவது தெரிந்த எடையை வைத்துத் தராசின் கணக்கையே திருத்தத்தான் கை போகும். ஆனால் நாணயங்களை எடுத்த பிறகு திரை 0-க்குத் திரும்பாமல் 2 கிராமில் நின்றது. அது வேறு கதை சொல்கிறது. தட்டைக் கழற்றிப் பார்த்தால், தட்டுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடுக்கில் காய்ந்த தோசை மாவு கல் மாதிரி இறுகிக் கிடந்தது. வைக்கும் எடையில் ஒரு பங்கை மாவு தாங்கிக்கொண்டது, மிச்சம்தான் லோட் செல்லுக்குப் போனது. ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டி எடுத்ததும் 77, 154, 232. அதைப் பார்க்காமல் கேலிபிரேட் செய்திருந்தால் அன்றைக்குச் சரியாகக் காட்டியிருக்கும், மாவு உதிர்ந்து விழுந்த நாளிலிருந்து எல்லா எடையையும் நூற்றுக்கு நான்கு கூட்டிச் சொல்லியிருக்கும்.

ஆகவே முதலில் இடுக்கைச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் பேட்டரி, அது இறங்கினால் எண் நிலையில்லாமல் ஆடும். மேஜைத் துணி, பிளாஸ்டிக் விரிப்பு எதன் மேலும் வைக்க வேண்டாம், கல் மேடை போல் கெட்டியான சமதளம் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பக்கத்திலும், சூடான பாத்திரத்தை நேராகத் தட்டில் வைத்தும் எடை பார்க்காதீர்கள், சூடு ஏறினால் எண் மெல்ல நகரும். கடைசியாக ஒரே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஒன்றிரண்டு கிராம் மாறினால் பரவாயில்லை, 500 கிராமுக்குப் பத்துப் பதினைந்து மாறுகிறது என்றால் கட்டை வளைந்திருக்கலாம், அல்லது திருகு தளர்ந்திருக்கலாம். தராசை நிறுத்தி வைத்து அதன் மேல் பாத்திரங்களைச் சாய்த்து வைக்கும் வீடுகளில் இது சகஜம். திருகை முடுக்கியும் தீரவில்லை என்றால் கேலிபிரேஷன் அதைக் காப்பாற்றாது.

இவ்வளவுக்குப் பிறகும் தப்பு எடையோடு சேர்ந்தே ஏறினால், அப்போது கேலிபிரேட் செய்யலாம். பல மலிவு தராசுகளில் அந்த வசதியே வெளியில் இருக்காது. இருப்பவற்றில் ஏதோ ஒரு பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் CAL என்று வரும், பிறகு 2000 போல ஓர் எண் மின்னும், அந்த எடையைச் சரியாக நடுவில் வைத்து எண் நிற்கும்வரை தொடாமல் இருக்க வேண்டும். எந்தப் பட்டன் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். கேட்ட எடை கையில் இல்லாமல் இந்தப் பக்கம் போகவே கூடாது, ஏனென்றால் நீங்கள் எதை வைத்தாலும் அதை 2000 கிராம் என்று நம்பிவிடும்.

இங்கேதான் பலரும் இரண்டு சர்க்கரைப் பாக்கெட்டை எடுத்து வைக்கிறார்கள். பொட்டல விதிகளின்படி ஒரு கிலோ பாக்கெட் தனியாக எடுத்தால் 15 கிராம் வரை குறையலாம், போதாததற்குக் கவரின் எடை வேறு. தண்ணீர் பரவாயில்லை, ஆனால் நம் ஊர் வெயிலில் 30 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டர் 996 கிராம்தான், அதையும் பிளாஸ்டிக் அளவுக் குவளையின் கோட்டை நம்பி அளந்தால் இருபது முப்பது கிராம் எங்கோ போய்விடும். தெரிந்த மளிகைக்கடையில் முத்திரை போட்ட எடைக்கல் இருந்தால் தராசை அங்கேயே தூக்கிக்கொண்டு போவது நல்லது.

ஸ்பிரிங் தராசுக்கு வருவோம். அதில் சிப் கிடையாது, ஸ்பிரிங் அமுங்குவதைப் பல்சக்கரம் முள்ளாகச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். தட்டுக்கு அடியில் அல்லது பின்னால் இருக்கும் திருகு முள்ளின் ஆரம்ப இடத்தை மட்டும் நகர்த்தும். ஆனால் பலர் ஒரு கிலோ கல்லை வைத்து, முள் 950-இல் நின்றால் திருகைத் திருப்பி 1000-க்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். பூஜ்யத்தில் சரியாக நின்று ஒரு கிலோவில் 50 குறைந்த தராசு 200 கிராமுக்கு 190 காட்டியிருக்கும், இப்போது 240 காட்டும். திருகை வெறும் தட்டோடு மட்டும்தான் தொட வேண்டும்.

எடை வைத்தபின் தட்டை விரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். முள் முன்பு நின்ற இடத்துக்கே திரும்பாமல் மேலே நின்றால் உள்ளே துருவோ அழுக்கோ பிடித்து இழுக்கிறது, அதைத் துடைத்தாலே பாதி சரியாகும். துடைத்த பிறகும் ஒரு கிலோவில் 50 குறைந்தால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. சரி, அரிசி பருப்புக்கு அது போதும், 50 கிராம் கோடு போட்ட தராசில் ஈஸ்ட் அளக்க நினைக்காதீர்கள்.

ஈஸ்ட் என்றதும் ஒன்று. டிஜிட்டலில் டேர் போட்டுவிட்டுச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் 0-விலேயே நிற்கும், ஏனென்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சின்ன மாற்றங்களைப் பல தராசுகள் தானாக நகரும் பிழை என்று எண்ணி அழித்துக்கொண்டே இருக்கும். 5 கிராம் என்று நினைத்து 8 கிராம் போட்டுவிடுவோம். டேர் போட்டதும் தட்டில் ஒரு ஸ்பூனை வையுங்கள், அது 23 காட்டினால் 28 வரும்வரை தூவுங்கள்.