கண்கட்டிக்கு ஒத்தடம் கொடுக்கும்போது நடக்கும் தவறுகள்

இமை ஓரத்தில் அரிப்பு, தொட்டால் வலி, மறுநாள் காலையில் அரிசி அளவுக்கு ஒரு சிவந்த வீக்கம். கண்கட்டி வந்தால் வீட்டில் முதலில் கேட்பது "உடம்பு சூடா?" என்றுதான். இளநீரும் மோரும் குடிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் கட்டிக்குக் காரணம் உடல் சூடு அல்ல. இமை முடியின் வேர்களை ஒட்டிச் சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாய் அடைபட்டு, தோலில் வழக்கமாகவே குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா உள்ளே பெருகிச் சீழ் கோத்துக்கொள்வதுதான் கண்கட்டி. அடைத்திருக்கும் எண்ணெயை இளக்கிச் சீழ் தானாக வடிய வழி விட்டால் பெரும்பாலான கட்டிகள் ஒன்று இரண்டு வாரங்களில் அடங்கிவிடும். அதற்குத்தான் வெந்நீர் ஒத்தடம்.

ஒத்தடம் கொடுத்தும் கேட்கவில்லை என்பவர்களிடம் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டால், பாதிப் பேரின் பதிலிலேயே காரணம் கிடைத்துவிடும். துணியை வெந்நீரில் நனைத்து, பிழிந்து, ஒருமுறை கண்ணில் வைத்துப் பத்து நிமிடம் படுத்திருப்பார்கள். ஈரத்துணியின் சூடு ஓரிரு நிமிடத்திலேயே இறங்கிவிடும். மீதி எட்டு நிமிடம் கண்ணில் கிடந்தது வெறும் ஈரத்துணி. உள்ளங்கையில் விரலைத் தேய்த்துக் கட்டிமேல் வைக்கும் பழக்கத்திலும் இதே குறைதான்: அந்தச் சூடு சில நொடிகூட நிற்காது, விரலில் உள்ள அழுக்குதான் கண்ணுக்குப் போகும்.

இமைக்குத் தேவைப்படுவது சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூடு. வெப்பமானி வேண்டாம். ஒரு டம்ளர் கொதிநீரோடு நான்கு டம்ளர் சாதாரணக் குழாய்த் தண்ணீர் கலந்தால், நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய 44 டிகிரிக்கு வரும். அதில் நனைத்துப் பிழிந்த துணி இமைக்குப் போகும்போது வேண்டிய சூட்டில் இருக்கும். முதலில் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். சுகமாக இருக்க வேண்டும், சுள்ளென்று இருக்கக் கூடாது. கைக்குத் தாங்கும் சூடு கண்ணுக்கும் தாங்கும் என்று நினைக்காதீர்கள். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல். வறுத்த உப்பு மூட்டை, இஸ்திரிப் பெட்டியில் சூடாக்கிய துணி, கொதிக்கும் பாத்திரத்து ஆவி மூன்றும் இமைக்கு வேண்டாம்.

இரண்டு சுத்தமான பருத்தித் துணிகளை எடுத்து, நான்கு மடிப்பாவது மடித்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, கண்ணை மூடி, ஒரு துணியை இமைமேல் வையுங்கள். சூடு குறைவதாகத் தோன்றிய உடனே அதை எடுத்துவிட்டு, தண்ணீரில் கிடக்கும் மற்றதைப் பிழிந்து வையுங்கள். இப்படி மாற்றி மாற்றி ஐந்திலிருந்து பத்து நிமிடம். பாத்திரத் தண்ணீர் ஆறினால் கொஞ்சம் கொதிநீர் ஊற்றிக் கலந்துவிட்டு, மறுபடி மணிக்கட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை இதைச் செய்ய வேண்டும். காலையில் ஒருமுறை செய்துவிட்டு "நானும் ஒரு வாரமாப் பண்றேன்" என்றால் கணக்கில் வராது.

வலி அதிகம் இல்லையென்றால், ஒத்தடம் முடிந்த சூட்டோடு சுத்தமான விரல் நுனியால் இமையை முடி இருக்கும் பக்கமாக மெல்ல ஐந்தாறு முறை வருடலாம். மேல் இமை என்றால் மேலிருந்து கீழே, கீழ் இமை என்றால் கீழிருந்து மேலே. வருடுவது வேறு, பிதுக்குவது வேறு. மஞ்சள் முனை தெரிந்ததும் நகத்தால் கிள்ளுவதும், ஊசியால் குத்துவதும், அந்த இடத்து இமை முடியைப் பிடுங்குவதும்தான் இருக்கிற தவறுகளிலேயே மோசமானவை. சீழ் வெளியே வருவதற்குப் பதில் பக்கத்துத் திசுவுக்குள் இறங்கி, இமை முழுக்க வீங்கிவிடலாம். நாமக்கட்டி, சுண்ணாம்பு, பூண்டுச் சாறு, தாய்ப்பால் எதுவும் கண்ணருகே வேண்டாம். சுண்ணாம்பு கருவிழியையே வெந்துபோகச் செய்யும்.

அடுத்த தவறு மெடிக்கல் ஷாப்பில் நடக்கிறது. "கண்ணுல கட்டி, ஒரு ட்ராப்ஸ் குடுங்க" என்று கேட்டு வாங்கும் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து, மூடிக்கிடக்கும் சீழ்ப் பையின் உள்ளே போதுமான அளவு போகாது. கட்டி உடைந்து வடியும்போதோ, இமை ஓரம் முழுக்கச் செதில் செதிலாக அழற்சி இருக்கும்போதோ மருத்துவர் களிம்பு எழுதித் தருவார். அங்கே அதற்கு வேலை உண்டு. மாத்திரை தேவைப்படுவது தொற்று கட்டியைத் தாண்டி இமைத் தோலில் பரவும்போது. தானாக வாங்கும் சொட்டு மருந்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அட்டையில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற பெயர் இருந்தால் அதுதான். சிவப்பு சீக்கிரம் வடிவதால் நல்ல மருந்து என்று தோன்றும். மேற்பார்வை இல்லாமல் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தம் கூடும், கண்புரையும் வரலாம்.

ஒட்டுமா? மெட்ராஸ் ஐ போல ஒட்டாது. அதில் கண்ணின் வெள்ளைப் பகுதி முழுக்கச் சிவந்து நீர் வடியும், வீட்டில் ஒவ்வொருவராகப் படுப்பார்கள். கண்கட்டியில் சிவப்பு பெரும்பாலும் இமையோடு நிற்கும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் வடியும் சீழில் பாக்டீரியா உண்டு. அது துண்டு, தலையணை உறை, கண் மை வழியாக அடுத்தவருக்கோ உங்கள் இன்னொரு கண்ணுக்கோ போகலாம். ஒத்தடத் துணியை ஒவ்வொரு முறையும் சோப்பில் அலசி வெயிலில் காயப்போடுங்கள், துண்டைத் தனியாக வையுங்கள்.

கல்லூரி மாணவி ஒருவருக்குத் திங்களன்று கீழ் இமையில் கட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றே மையையும் கான்டாக்ட் லென்ஸையும் நிறுத்தி, நான்கு வேளை ஒத்தடத்தைத் தொடங்குகிறார். புதன்கிழமை மஞ்சள் முனை தெரிகிறது. வீக்கம் அன்று கொஞ்சம் கூடினாலும் பயமில்லை. வெள்ளியன்று தானாக உடைந்து வடிகிறது, வலி இறங்குகிறது. வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு ஒத்தடத்தைத் தொடர்கிறார்.

இதற்கு மாறாக, இரண்டு நாள் ஒத்தடத்துக்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, சிவப்பு கன்னத்துக்கு இறங்கினாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல், பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிதல், கண்ணை அசைத்தால் வலி, கண் முன்னுக்குத் தள்ளுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். அடிக்கடி கட்டி வருகிறவர்கள் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வது நல்லது. வயதானவருக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து இமை முடியும் உதிர்ந்தால், சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறதா என்று திசு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள்.

அந்த மாணவிக்கு இரண்டு வாரம் கழித்து வலியே இல்லாமல், பட்டாணி போல ஒரு கெட்டி உருண்டை மட்டும் மிஞ்சலாம். அது கெலேசியன். அதில் பெரும்பாலும் கிருமி கிடையாது, தேங்கிய எண்ணெய்தான் இருக்கும். அதனால் ஆன்டிபயாட்டிக் கேட்டு அலைய வேண்டியதில்லை. ஒத்தடத்தை இன்னும் சில வாரம் தொடர்ந்தால் பல சமயம் கரைந்துவிடும். கரையாவிட்டால் மரத்துப்போகும் ஊசி போட்டு, இமையைத் திருப்பி, உள்பக்கமாகக் கீறிச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். கீறல் உள்ளே இருப்பதால் வெளியே தழும்பு தெரியாது.