உங்கள் வார்டு எண் எது? சென்னையில் அடிக்கடி நேரும் குழப்பங்கள்

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் உள்ளன, அவை மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. எண்கள் ஏறக்குறைய வடக்கிலிருந்து தெற்காகப் போகின்றன: 1-வது வார்டு திருவொற்றியூர் மண்டலத்தில், 200-வது சோழிங்கநல்லூர் மண்டலத்தில். ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு கவுன்சிலர். குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால் வேலைகளும் வார்டு வாரியாகவே பிரிக்கப்படுகின்றன.

பெரும்பாலோர் செய்யும் தவறு, பழைய காகிதத்தில் உள்ள எண்ணை நம்புவது. 2011-இல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகள் மாநகராட்சியோடு இணைந்தபோது, பழைய நகரின் 155 வார்டுகள் 107 ஆகக் குறைக்கப்பட்டன. புதிய பகுதிகளுக்கு 93 கிடைத்தன. எண்கள் மொத்தமும் மாறின. அதற்கு முந்தைய வரி ரசீதில் 120 என்றிருந்தால், இன்றைய 120 வேறொரு பகுதியாக இருக்கலாம். பிறகும் எல்லைகள் மறுவரையறை செய்யப்பட்டு, அந்த எல்லைகளின்படியே 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. அதனால் 2011-க்குப் பிந்தைய காகிதம்கூட உறுதியான சான்றல்ல.

அடுத்தது பட்டா. நகர நில அளவைப் பதிவேட்டில் 'வார்டு, பிளாக், நகரளவை எண்' என்று மூன்று இருக்கும். அந்த வார்டு வருவாய்த்துறை நிலத்தை அளக்க வகுத்தது. கவுன்சிலருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதைப் புகார் மனுவில் எழுதினால் மனு வேறு அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும், நாட்கள் வீணாகும்.

வாக்காளர் பட்டியலின் 'பாகம் எண்'ணையும் வார்டு என்று எண்ணிவிடுகிறார்கள். அது சட்டமன்றத் தொகுதிக்குள் ஒரு வாக்குச்சாவடிக்கான பிரிவு. உள்ளாட்சித் தேர்தலுக்கு மாநிலத் தேர்தல் ஆணையம் அதே பெயர்களை வார்டு வாரியாக அடுக்கித் தனிப் பட்டியல் தயாரிக்கிறது. ஆகவே சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்த பள்ளிக்கே நேராகப் போய்விடாமல், உள்ளாட்சிப் பட்டியலில் வாக்குச்சாவடியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பட்டாவில் வார்டு 3, வாக்காளர் பட்டியலில் பாகம் 187, 2009 ரசீதில் 120. மூன்றுமே அவ்வீட்டின் இன்றைய வார்டைச் சொல்லவில்லை. கதவு எண்ணையும் தெருவையும் மாநகராட்சி இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம், அல்லது வார்டு அலுவலகத்தில் கேட்கலாம். பக்கத்துத் தெருக்காரரைக் கேட்பது மட்டும் போதாது: எல்லை பல இடங்களில் சாலையின் நடுவே ஓடுகிறது, எதிர்வீடு அடுத்த வார்டாக இருக்கக்கூடும்.

எல்லைச் சாலையில் விளக்கு எரியவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யும்போது கம்பத்தின் எண்ணையும், அது சாலையின் எந்தப் பக்கம், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே என்பதையும் சொல்லுங்கள். வார்டு எண்ணை மட்டும் சொன்னால், 'எங்கள் எல்லையில் இல்லை' என்ற பதிலோடு புகார் முடித்துவைக்கப்பட வாய்ப்புண்டு.