வாலிபால் மொத்தப் புள்ளி, செட் ஹேண்டிகேப்: சராசரியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்

வாலிபால் பந்தயச் சந்தைக்குப் புதிதாக வருபவர்கள் ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். அணிப் பட்டியலைப் பார்க்காமல் போடுவது, தோற்றதை மீட்க இரட்டிப்பாகப் போடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். ஓரளவு கணக்குத் தெரிந்தவர்களே செய்யும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன், அதிலும் குறிப்பாக ஒன்றைப் பற்றி.

## மேட்ச் வாய்ப்பையே செட் வாய்ப்பாக எடுப்பது

ஒரு அணிக்கு விலை 1.25, எதிரணிக்கு 3.75 என்று வைத்துக்கொள்வோம். 1/1.25 என்றால் 80%, 1/3.75 என்றால் 26.7%. இரண்டையும் கூட்டினால் 106.7% வருகிறது. நூறுக்கு மேல் இருப்பது பந்தய நிறுவனத்தின் லாபம், அதைக் கழித்தால் வலுவான அணி ஜெயிக்கும் வாய்ப்பு 75%. இதுவரை எல்லோரும் சரியாக வந்துவிடுகிறார்கள். அடுத்த அடியில்தான் சறுக்கல்: ஒவ்வொரு செட்டையும் அந்த அணி 75% வாய்ப்பில் எடுக்கும் என்று நினைத்து மைனஸ் 1.5 செட் ஹேண்டிகேப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஐந்தில் மூன்று செட் என்பது சின்ன வித்தியாசத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு. ஒவ்வொரு புள்ளியையும் 52% வாய்ப்பில் எடுக்கும் அணி ஒரு செட்டை ஏறக்குறைய 61% வாய்ப்பில் எடுக்கும், மேட்சை 70% வாய்ப்பில் ஜெயிக்கும். ஆகவே மேட்சிலிருந்து செட்டுக்குத் திரும்பி வரும்போது எண் குறைய வேண்டும். செட் வாய்ப்பை p என்றும், 1-p ஐ q என்றும் வைத்தால்:

```
3-0 : p^3
3-1 : 3 * p^3 * q
3-2 : 6 * p^3 * q^2
```

மூன்றையும் கூட்டினால் 75% வர வேண்டும். அதற்கு p ஏறக்குறைய 0.64. அதாவது மேட்சுக்கு 75% இருக்கும் அணிக்குச் செட்டுக்கு 64%தான். இதிலிருந்து 3-0 வாய்ப்பு 26%, 3-1 வாய்ப்பு 28%, 3-2 வாய்ப்பு 20%. மைனஸ் 1.5 ஜெயிக்க 3-0 அல்லது 3-1 வேண்டும், கூட்டினால் 54.5%, நியாயமான விலை 1.83. செட்டுக்கு 75% என்று நினைத்தவர் இதே கணக்கைப் போட்டால் 74% வரும், 1.60 கொடுத்தால்கூட லாபம் என்று அவருக்குத் தோன்றும்.

## செட் ஹேண்டிகேப்பும் புள்ளி ஹேண்டிகேப்பும் ஒன்றல்ல

2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆண்கள் அரையிறுதியில் அமெரிக்காவைப் போலந்து 3-2 என்று வென்றது: 25-23, 25-27, 14-25, 25-23, 15-13. கூட்டிப் பாருங்கள். போலந்து 104 புள்ளி, அமெரிக்கா 111. தோற்ற அணி ஏழு புள்ளி அதிகம் எடுத்திருக்கிறது.

## சராசரியை லைனோடு ஒப்பிடுவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான். பணத்தை அதிகம் தின்பதும் இதுதான், ஏனென்றால் இதைச் செய்பவர் தன்னிடம் கணக்கு இருக்கிறது என்ற தைரியத்தில் பெரிய தொகையாகப் போடுகிறார்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, கணக்கில் கெட்டிக்காரர், எக்செல்லில் எல்லாவற்றையும் அழகாகப் போட்டு வைத்திருப்பார். மேலே சொன்ன அதே மாதிரி மேட்ச், செட்டுக்கு 64%. மூன்று செட்டில் முடிய வாய்ப்பு 31%, நான்கில் 37%, ஐந்தில் 32%. முழு செட்டுக்குச் சராசரியாக 45 புள்ளி, ஐந்தாவது செட்டுக்கு 27. அப்படியானால் மூன்று செட் மேட்ச் 135 புள்ளி, நான்கு செட் 180, ஐந்து செட் 207. எடையிட்டுக் கூட்டினால் 175-க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. இதுவரை ஒரு பிழையும் இல்லை. மொத்தப் புள்ளிக்கு நிறுவனம் வைத்த எல்லையான லைன் 182.5, அதற்குக் கீழே முடியும் என்ற அண்டர் பந்தயத்தின் விலை 1.85. "அண்ணே, எட்டு புள்ளி வித்தியாசம் இருக்கு, சும்மா கொடுக்குறாங்க" என்று சொல்லிவிட்டு வழக்கத்தைவிடப் பல மடங்கு அண்டரில் வைத்தார்.

அந்த எட்டு புள்ளிக்கு அர்த்தமே இல்லை. 175 புள்ளியில் முடியும் மேட்ச் என்பது அபூர்வம். வாலிபால் மொத்தம் ஒரே குவியலாக விழுவதில்லை, 135, 180, 207 என்று மூன்று இடங்களில் தனித்தனியாகக் குவிகிறது, சராசரியோ குவியல்களுக்கு நடுவில் எங்கேயோ போய் நிற்கிறது. அதே போலந்து அணி மூன்று நாள் கழித்து இறுதிப் போட்டியில் பிரான்ஸிடம் 19-25, 20-25, 23-25 என்று தோற்றது, மொத்தம் 137. அரையிறுதி 215. இரண்டின் சராசரி 176. இரண்டில் எது 176-க்குப் பக்கத்தில் இருந்தது?

கேட்க வேண்டிய கேள்வி, லைனுக்கு மேலே எத்தனை சதவீதம் விழுகிறது என்பது. ஒவ்வொரு குவியலையும் தனியாகப் பாருங்கள். மூன்று செட்டில் முடிந்தால் 182-ஐத் தாண்டாது, ஓவருக்குப் பங்கு பூஜ்யம். ஐந்து செட் போனால் ஏறக்குறைய நிச்சயமாகத் தாண்டும், முழு 32 சதவீதமும் ஓவருக்கு. மிச்சம் நான்கு செட் குவியல். ஒரு செட்டின் மொத்தம் சராசரியிலிருந்து நாலைந்து புள்ளி இப்படி அப்படிப் போகும், நான்கு செட் சேர்ந்தால் அந்தச் சிதறல் ஒன்பது புள்ளி என்று எடுக்கலாம். நடு 180, சிதறல் 9 என்றால் 182.5-ஐத் தாண்டும் வாய்ப்பு 39%. 37-இல் 39% என்றால் 14 அல்லது 15. ஆக ஓவர் 46%, அண்டர் 54%.

1.85 விலைக்கு நட்டமில்லாமல் இருக்கவே 54% வேண்டும். எட்டு புள்ளி சும்மா கிடைக்கிறது என்று அவர் நினைத்த இடத்தில் ஒரு பைசா சாதகம்கூட இல்லை. லைன் அவருடைய சராசரியான 174.5-இலேயே இருந்திருந்தால்? ஐம்பதுக்கு ஐம்பது என்பார். கணக்குப்படி ஓவர் 59%. லைனை 180.5 வரை ஏற்றினால்தான் இரண்டு பக்கமும் சமமாகிறது.

அந்த மேட்ச் 3-0 என்று முடிந்து பணம் வந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம். ஒரு தடவை வந்ததைப் பார்த்துவிட்டு அவர் அந்த எக்செல்லை மாற்றவே இல்லை, அதே முறையில் வாரக்கணக்கில் போட்டு, வந்ததையும் சேர்த்து இழந்தார். இந்தத் தவறை ஒரு மேட்சின் முடிவை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, குவியல்களைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இதே விஷயத்தின் இன்னொரு முகமும் உண்டு. வலுவான அணிக்குச் செட் வாய்ப்பு 80%, ஒரு செட்டுக்கு 42 புள்ளி என்று எடுங்கள். இப்போது மூன்று செட் குவியல் 126-இல், நான்கு செட் குவியல் 168-இல். லைன் 145.5-இலிருந்து 150.5-க்கு ஏறினால் ஓவர் வாய்ப்பு 48-இலிருந்து 47-க்குத்தான் இறங்கும், ஏனென்றால் இடையில் மேட்சுகளே விழுவதில்லை. முதல் உதாரணத்தில் 174.5-இலிருந்து 180.5-க்கு ஏறியபோது ஒன்பது சதவீதம் போனது. எனவே "லைன் அஞ்சு புள்ளி நகர்ந்துடுச்சு" என்ற செய்தி எங்கே நகர்ந்தது என்று தெரியாமல் உங்களுக்கு எதையும் சொல்லாது. பள்ளத்தில் நகர்ந்தால் அசட்டை செய்யலாம், குவியலின் மேலே நகர்ந்தால் அரைப் புள்ளியும் கணக்கு.

## புள்ளி வேகத்தை எல்லா மேட்சுக்கும் 45 என்று வைப்பது

சர்வை எதிர்கொள்ளும் அணி அந்தப் புள்ளியை எடுப்பதைத்தான் சைடு-அவுட் என்கிறோம். உயர்நிலை ஆண்கள் ஆட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு புள்ளிகள் இப்படித்தான் போகும், பெண்கள் ஆட்டத்தில் இது குறைவு. இரண்டு அணியும் சைடு-அவுட்டில் கெட்டி என்றால் புள்ளி மாறி மாறி வரும், செட் 25-23, 27-25 என்று இழுக்கும். ஒரு அணியின் ரிசீவ் உடைந்தால் எதிரணி தொடர்ச்சியாக சர்வ் போட்டு ஐந்தாறு புள்ளியை அள்ளிக்கொண்டு போகும், 25-16 என்று முடியும்.

இது எவ்வளவு முக்கியம் என்று பழைய உதாரணத்திலேயே பார்க்கலாம். செட் வாய்ப்பு 64%, லைன் 182.5, எதையும் மாற்றாமல் செட்டுக்கு 45-க்குப் பதில் 47 போட்டால் நான்கு செட் குவியல் 188-க்கு நகர்ந்து ஓவர் 59% ஆகிறது. 43 போட்டால் 172-க்கு இறங்கி, ஓவர் 35% பக்கம் விழுகிறது. அதனால் அந்த இரண்டு அணிகளும் சம பலமுள்ளவர்களோடு ஆடிய செட்டுகளை மட்டும் எடுத்து, ஐந்தாவது செட்டை நீக்கிவிட்டு, சராசரி பாருங்கள். கடைசி இடத்தில் இருக்கும் அணியை 25-12 என்று அடித்ததைச் சேர்த்தால் எண் கெட்டுப்போகும்.

அப்புறம், நீளமான செட்டும் அதிகச் செட்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். நெருக்கமான அணிகள் ஐந்து செட்டும் போகும், ஒவ்வொரு செட்டும் இழுக்கும். ஆகவே மூன்று செட் குவியலுக்கு 45-ஐவிடக் கொஞ்சம் குறைவாகவும், ஐந்து செட் குவியலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் போடுவது நல்லது.

## ஐந்தாவது செட்டை முழு செட்டாக எண்ணுவது

அது 15 புள்ளி. ஐந்து செட் என்றால் 225 இல்லை.

## உங்கள் p உறுதியானது என்று நம்புவது

64% என்பது ஒரு மதிப்பீடு. அன்றைக்கு செட்டர் சரியில்லை என்றால் அது 55 ஆகலாம், சர்வ் நன்றாக விழுந்தால் 75 ஆகலாம். பாதி வாய்ப்பு 75%, பாதி வாய்ப்பு 55% என்று பிரித்துக் கணக்குப் போட்டால், நடுவில் 65% என்று ஒரே எண்ணை வைத்ததைவிட 3-0 வாய்ப்பு 27-இலிருந்து 29-க்கு ஏறுகிறது, ஐந்து செட் வாய்ப்பு 31-இலிருந்து 29-க்கு இறங்குகிறது. அதாவது உறுதியில்லாமை பெரும்பாலும் சீக்கிரம் முடியும் பக்கம்தான் தள்ளும். சூத்திரம் சொல்லும் 3-2 எண்ணை அப்படியே நம்பாமல் ஒன்றிரண்டு சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அணியும் சரிசமம் என்றாலும் ஐந்து செட் வாய்ப்பு 37.5%-ஐத் தாண்டாது, யாராவது "இது கண்டிப்பா அஞ்சு செட்" என்று சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

## விதிமுறை பார்க்காமல் எண்ணை எடுத்துச் செல்வது

நம்ம ஊர் பிரைம் வாலிபால் லீகில் செட்டே 15 புள்ளிதான். இத்தாலி, போலந்து லீக் எண்கள் அங்கே செல்லாது.

## இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு

2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைக்கும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடை செய்கிறது. கணக்கைப் பேப்பரில் போட்டுப் பாருங்கள், பணம் வைக்காதீர்கள்.